"அப்பத்தா எப்ப வருவாங்க?": சின்னப் பிள்ளையிடம் சாவைச் சொல்வது எப்படி

தை மாதம் என் அம்மா இறந்தபோது என் மகளுக்கு நாலே முக்கால் வயது. ஐஸ் பெட்டிக்கு யாரைக் கூப்பிடுவது, பந்தலுக்கு எத்தனை நாற்காலி, எந்தெந்த ஊருக்குச் சொல்லி அனுப்புவது என்று எடுத்துச் சொல்ல எங்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள். பிள்ளையிடம் என்ன சொல்வது என்று சொல்லத்தான் ஆளில்லை. வாயில் வந்ததை ஆளாளுக்குச் சொன்னோம். அதை நேராக்க அடுத்த பல மாதம் ஆனது. பிறகு குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். அவர் சொன்னதையும் நாங்கள் பட்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். மூன்று முதல் ஏழு வயதுக்குள் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். அதற்கு மேல் உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் விவரம் புரிந்தவர்கள், அவர்களிடம் பேசுவது வேறு மாதிரி.

சாவு வீட்டில் இருந்துகொண்டே இதைப் படிக்கும் நிலைமையில் இருந்தால் 1, 2, 5 மட்டும் இப்போது படியுங்கள். மற்றது பதினாறு முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

1. முதலில் நீங்களே சொல்லுங்கள், கிளம்புவதற்கு முன்பே

எங்களுக்குச் செய்தி வந்தது விடிகாலை நாலு மணிக்கு. தாம்பரத்திலிருந்து மதுரைப் பக்கம் எங்கள் ஊருக்கு எட்டு மணி நேரம். பிள்ளையைத் தூக்கத்தோடு காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம். விழுப்புரம் தாண்டி அவள் விழித்தபோது "ஊருக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னோம். பொங்கலுக்குத்தான் போகிறோம் என்று அவளாக நினைத்துக்கொண்டு கரும்பு கேட்டாள். ஊரில் கார் கதவைத் திறந்ததும் பெண்கள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று கத்தினார்கள். பிள்ளைக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆகவே சொல்ல வேண்டியதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை. அம்மாவோ அப்பாவோ, யாருடைய மடியில் பிள்ளை அதிகம் உட்காருமோ அவர் சொல்லட்டும். டி.வி.யை அணைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, நாலைந்து வாக்கியத்துக்கு மேல் போகாமல் சொல்லுங்கள். எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த வாக்கியங்களை எங்கள் பேச்சுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்:

"பாப்பா, ஒரு வருத்தமான விஷயம் சொல்லப் போறேன். அப்பத்தா செத்துப் போயிட்டாங்க. செத்துப் போறதுன்னா உடம்பு வேலை செய்யறது நின்னு போறது. இனி அவங்களால மூச்சு விட முடியாது, பேச முடியாது, சாப்பிட முடியாது. அவங்களுக்கு வலிக்காது, பசிக்காது. அவங்க திரும்பி வர மாட்டாங்க."

சொன்னதும் நிறுத்திவிடுங்கள். பிள்ளை உடனே அழவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மகனிடம் அவன் தாத்தா இறந்ததைச் சொன்னபோது, "சரி, நான் சைக்கிள் ஓட்டட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். பாசம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த வயதில் துக்கம் மழைத்தண்ணீர்க் குட்டையில் குதிக்கிற மாதிரி வரும் என்று மருத்துவர் சொன்னார். ஒரு நிமிடம் உள்ளே குதித்து நனைவார்கள், மறு நிமிடம் வெளியே வந்து விளையாடுவார்கள், சாயங்காலம் திரும்பவும் குதிப்பார்கள்.

2. "செத்துப் போயிட்டாங்க" என்ற சொல்லைத் தவிர்க்காதீர்கள்

நமக்கு இது மிகவும் கஷ்டம். பெரியவர்களுக்கு "இறந்துவிட்டார்" என்பதே கொஞ்சம் கடுமையாகத் தெரியும். "தவறிட்டார்", "காலமாயிட்டார்", "சாமிகிட்ட போயிட்டார்" என்போம். பிள்ளையிடம் "செத்து" என்று சொன்னால் பக்கத்தில் நிற்கிற அத்தை நம் வாயைப் பொத்த வருவார். ஆனால் எறும்பு செத்துப் போச்சு, கரப்பான் செத்துப் போச்சு என்று பிள்ளைக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். மற்ற சொற்களுக்கெல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே வேறு அர்த்தம் இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது இது.

*தூங்குறாங்க.* என் மைத்துனி அன்பாகச் சொன்னது. அன்று ராத்திரியே என் மகள் படுக்க மறுத்தாள். மூன்று வாரம் விளக்கை அணைக்க விடவில்லை. என் மனைவி மத்தியானம் கண்ணயர்ந்தால் இமையை விரலால் பிரித்துப் பார்ப்பாள்.

*சாமிகிட்ட போயிட்டாங்க.* இது நானே சொன்னது. எங்கள் வீடு கோயில் குளம் என்று இருக்கிற வீடு, இயல்பாக வாயில் வந்துவிட்டது. ஆடி மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது வாசலிலேயே நின்று, "உள்ள வரமாட்டேன், சாமி என்னையும் வச்சுக்கும்" என்றாள். உங்கள் நம்பிக்கையைச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் உடம்பு நின்றுபோனதை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு "அப்பத்தா சாமிகூட இருக்காங்கன்னு நாங்க நம்பறோம்" என்று சொல்லுங்கள். சாமி கூட்டிட்டுப் போனார் என்று மட்டும் சொல்லாதீர்கள், பிள்ளை சாமியைப் பிள்ளை பிடிக்கிறவர் கணக்கில் சேர்த்துவிடும்.

*ஊருக்குப் போயிருக்காங்க.* இது முழுப் பொய். இரண்டு நாளில் உடைந்துவிடும். அடுத்த முறை நீங்கள் அலுவலக வேலையாக வெளியூர் போகும்போது பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு விடாது.

*உடம்பு சரியில்லாம செத்துட்டாங்க.* பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. நோயின் பெயரைச் சொல்லி, சாதாரணக் காய்ச்சலிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். "அப்பத்தாவுக்குக் கிட்னி ரொம்ப ரொம்பக் கெட்டுப்போச்சு, டாக்டராலயும் சரி பண்ண முடியல. உனக்கு வர்ற சளி, காய்ச்சல் வேற. அது மருந்து குடிச்சாப் போயிடும்." நாங்கள் இதைச் சொல்லாமல் விட்டதன் பலன், ஐந்து வயதுத் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது தெரிந்தது. அப்பத்தா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துதான் வீட்டுக்கு வந்து இறந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் சாவோம் என்று இவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஊசி போடும் அக்கா அரை மணி நேரம் காத்திருந்தார்.

உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பாமல் இருக்க ஒரு வழி உண்டு. நீங்கள் சொன்ன வாக்கியத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். "பாப்பாகிட்ட இப்படிச் சொல்லியிருக்கோம், கேட்டா இதையே சொல்லுங்க." நான் பெரியம்மாவுக்கு மட்டும் நேரில் சொன்னேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் மாற்றிச் சொல்லவில்லை.

3. சாவு வீட்டில் பிள்ளைக்கென்று ஓர் ஆள்

கொள்ளி வைக்கும் மகனோ, தலைமாட்டில் உட்காரும் மகளோ அன்று பிள்ளையைப் பார்க்க முடியாது. முடியும் என்று நினைத்தது என் தவறு. எங்கள் பக்கம் தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைசி மகன். கடைசி மகன் நான். காலையிலிருந்து நீர்மாலை, குளியல், கோடி என்று என்னை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். மனைவி பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பந்தலுக்கும் அடுப்படிக்கும் நடுவே அனாதையாகத் திரிந்திருக்கிறது.

கிளம்பும்போதே ஓர் ஆளைப் பிடியுங்கள். துக்கத்தில் நேரடியாக இல்லாதவராக, பிள்ளைக்குப் பழகினவராக இருக்கவேண்டும். மனைவி வழிச் சித்தி, உங்கள் நண்பர், யாராகவும் இருக்கலாம். அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: பிள்ளை எழுந்து போக நினைத்தால் அழைத்துப் போய்விடு, நேரத்துக்குச் சாப்பாடு கொடு, கேள்வி கேட்டால் இந்த வாக்கியத்தைச் சொல். மாற்று உடை, தண்ணீர், பிஸ்கட், தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணியோ பொம்மையோ ஒரு பையில் தனியாக இருக்கட்டும். பக்கத்தில் வேறொரு வீடு கேட்டு வையுங்கள். வேட்டு வெடிக்கும்போதும் பறை அடிக்கும்போதும் சின்னப் பிள்ளைகள் நடுங்கிப் போகிறார்கள், அந்த நேரத்துக்கு அங்கே போய்விடலாம்.

உடம்பைக் காட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிள்ளைக்கு முன்கூட்டியே விவரித்துவிட்டு, விருப்பத்தைக் கேட்டுச் செய்யுங்கள். "அப்பத்தா ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்காங்க. மூக்குல பஞ்சு வச்சிருப்பாங்க, நெத்தியில காசு ஒட்டியிருப்பாங்க, தாடையைத் துணியால கட்டியிருப்பாங்க. கண்ணு மூடியிருக்கும். நிறைய பேர் சத்தமா அழுவாங்க. பார்க்கணுமா, வேண்டாமா?" வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். "கடைசியா ஒரு தடவை பாரு, கும்பிடு" என்று தூக்கிக்கொண்டு போய்த் திணிக்காதீர்கள். தொடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பார்த்தாலும் இரண்டு நிமிடம் போதும்.

என் மகள் பார்த்தாள். பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டு, "ஜில்லுனு இருக்கு. அப்பத்தாவுக்குக் குளிராதா? ஸ்வெட்டர் போடலாமா?" என்றாள். அங்கே இருந்தவர்கள் குமுறி அழுதார்கள். பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. இப்போது என்றால் சொல்லியிருப்பேன்: "உடம்பு நின்னு போச்சுல்ல, அதனால குளிர் தெரியாது. உடம்பு கெடாம இருக்கத்தான் ஜில்லுனு வச்சிருக்காங்க." இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் அடிப்படைப் பதில் ஒன்றுதான்: உடம்பு நின்றுவிட்டது, அதனால் தெரியாது.

நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் பேத்திகளைக் கூப்பிடுவார்கள். எரிகிற பந்தத்தைக் கையில் கொடுத்து, கத்தும் கூட்டத்துக்கு நடுவே உடம்பைச் சுற்றி வரச் சொல்வது நாலு வயதுக்கு அதிகம். ஊர் வற்புறுத்தினால் நீங்கள் தூக்கி வைத்துக்கொண்டு பந்தத்தை நீங்களே பிடியுங்கள். அல்லது பூப் போடுவதோடு நிறுத்துங்கள். எங்கள் பெரியப்பா "முறை" என்றார். பந்தத்தை அண்ணன் மகன் பிடித்தான், இவள் ஒரு செவ்வந்திப் பூ போட்டாள். முறை எதுவும் குறைந்ததாக யாரும் பிறகு பேசவில்லை.

4. மயானமும் மொட்டையும்

மயானத்துக்கு நாங்கள் கூட்டிப் போகவில்லை. ஆனால் "எங்கே தூக்கிட்டுப் போறாங்க?" என்ற கேள்வி அந்த நிமிடமே வந்தது. எரிப்பதாக இருந்தால் இந்த வயதில் அதை வலிந்து விவரிக்க வேண்டாம், கேட்டால் மறைக்கவும் வேண்டாம். "செத்துப்போன உடம்பை ஒரு தனி இடத்துல வச்சு எரிச்சுடுவாங்க, சாம்பலாயிடும். செத்துப்போன உடம்புக்குச் சுடாது, வலிக்காது." வலிக்காது என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே புரிந்திருந்தால்தான் எரிப்பதைத் தாங்கும். முதல் படியிலேயே "பசிக்காது, வலிக்காது" சொல்லச் சொன்னது இதற்காகத்தான். புதைக்கிற வழக்கமானால் அடுத்து வரும் கேள்வி "மண்ணுக்குள்ள மூச்சு எப்படி விடுவாங்க?" அதற்கும் அதே பதில்தான்.

யாரும் எச்சரிக்காத ஒரு விஷயம். நான் மொட்டையடித்து, மீசையை எடுத்துவிட்டு, ஈர வேட்டியோடு வந்து நின்றேன். என் மகள் என்னைப் பார்த்து அலறிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். அப்பத்தா போனதைவிட அன்று அவளைப் பயமுறுத்தியது அதுதான். கொள்ளி வைப்பவர் நீங்களாக இருந்தால், போவதற்கு முன் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: "அப்பா முடியை எடுத்துட்டு வருவேன், ஆள் மாறித் தெரியும். திரும்ப வளர்ந்துடும்." வந்ததும் முதலில் குரல் கொடுங்கள், பிறகு முகத்தைக் காட்டுங்கள். முடி வளர்ந்துகொண்டே வந்தது எங்களுக்கு ஒரு நல்ல அளவுகோலாகவும் ஆனது. "அப்பா தலையில முடி வந்துடுச்சு, அப்பத்தா ஏன் வரல?" என்று ஒரு நாள் கேட்டாள். எது திரும்பி வரும், எது வராது என்று பிரித்துப் பேச அன்றுதான் வாய்த்தது.

5. உங்கள் அழுகை

எல்லாவற்றையும்விட இதில்தான் நான் அதிகம் தப்புச் செய்தேன்.

ஊரிலிருந்து திரும்பியதும் பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று முடிவு செய்தேன். அழுகை வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கண் சிவக்க வெளியே வந்து "ஒண்ணுமில்லை, சோப்பு" என்பேன். இப்படி ஒரு வாரம். எட்டாவது நாள் அவள் வரைந்த படத்தை மனைவி எடுத்துக் காட்டினாள். கதவு ஒன்று, அதற்குப் பின்னால் மொட்டைத் தலை. யார் இது என்று கேட்டதற்கு, "அப்பா. என் மேல கோவமா இருக்கார். நான் வந்தா உள்ள போய்ப் பூட்டிக்கிறார்" என்றிருக்கிறாள்.

பிள்ளைக்கு நம் முகம் தெரிந்துவிடும். காரணத்தைச் சொல்லாவிட்டால் அதுவே ஒரு காரணம் கண்டுபிடிக்கும், அது பெரும்பாலும் "நான்தான்" என்பதாக இருக்கும். அன்றிலிருந்து அழுகை வரும்போது மறைக்காமல், கீழே உள்ள நான்கையும் சொல்லப் பழகினேன்:

"அப்பாவுக்கு அழுகை வருது." (என்ன நடக்கிறது.)
"அப்பத்தாவை நினைச்சுக்கிட்டேன்." (ஏன்.)
"உன் மேல கோவம் இல்ல, நீ ஒண்ணும் பண்ணல." (யாரால் இல்லை.)
"கொஞ்ச நேரம் அழுதுட்டு முகம் கழுவிட்டு வர்றேன், அப்புறம் உனக்குத் தோசை." (அடுத்து என்ன.)

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அழுகைக்கு ஒரு முடிவு இருக்கிறது, அழுதாலும் அப்பா தோசை சுடுவார் என்பதை அதுதான் காட்டுகிறது. சொன்னபடி சுடவும் வேண்டும். நான் ஒரு நாள் சொல்லிவிட்டு மறந்துபோனேன், அடுத்த முறை நான் அழும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

பிள்ளை முன்னால் எவ்வளவு அழலாம்? கண்ணீர் வரலாம், விசும்பலாம், குரல் உடையலாம், இடையில் பிள்ளையோடு பேசவும் முடியவேண்டும். பேச முடியாமல், மூச்சு வாங்கி, மாரில் அடித்துக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போயிட்டியே, நான் இனி எதுக்கு இருக்கணும்" என்கிற கட்டம் வந்தால் அது பிள்ளைக்கானதல்ல. குறிப்பாகக் கடைசி வாக்கியம். ஒப்பாரியில் அது வழக்கமான வரிதான், பாடுகிறவருக்கும் கேட்கிற பெரியவர்களுக்கும் அதன் அளவு தெரியும். பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். அந்த மாதிரி அழுகைக்கு வேறு இடமும் நேரமும் வையுங்கள். நான் பிள்ளை தூங்கிய பிறகு மொட்டை மாடிக்குப் போய் அண்ணனுக்குப் போன் போடுவேன். இரண்டு பேரும் பேசியதைவிட அழுததுதான் அதிகம். "ஆம்பளை இப்படி அழலாமா" என்று கேட்காத ஒருவர் எனக்கு அவர்தான். உங்களுக்கும் அப்படி ஒருவரைப் பார்த்து வையுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. சில பிள்ளைகள் நம்மைத் தேற்ற ஆரம்பித்துவிடும். கண்ணைத் துடைத்துவிடும், தண்ணீர் கொண்டுவரும், "நான் இருக்கேன்ல" என்று சொல்லும். பார்ப்பவர்கள் "எவ்வளவு பொறுப்பு!" என்று மெச்சுவார்கள். ஓரிரு முறை என்றால் ஏற்றுக்கொண்டு நன்றி சொல்லுங்கள். தினமும் நடந்தால் கவனியுங்கள். "நீ தண்ணி கொடுத்தது நல்லா இருந்துச்சு. ஆனா அப்பாவைப் பார்த்துக்க அம்மா இருக்காங்க, பெரியப்பா இருக்காங்க. நீ போய் விளையாடலாம்" என்று சொல்லி அந்த வேலையிலிருந்து பிள்ளையை விடுவிக்க வேண்டும். "நீதான் இனி அப்பாவுக்கு அம்மா மாதிரி" என்று பெண் பிள்ளைகளிடம் சொல்கிற உறவினர்களை நான் இப்போது உடனே நிறுத்திவிடுகிறேன்.

6. அடுத்த மூன்று மாதம்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

"அப்பத்தா எப்ப வருவாங்க?" என்பதை என் மகள் குறைந்தது நாற்பது தடவை கேட்டிருப்பாள். நாம் சொன்னது புரியவில்லை என்று தோன்றும். செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பது ஐந்து வயதுக்குக் கீழ் பலருக்கும் பிடிபடாது. ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்கிறார்கள். அதே பதிலை, அதே சொற்களில், சலிக்காமல் சொல்லுங்கள். புதிதாக அழகுபடுத்தினால் கதை மாறிவிட்டதோ என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"நீயும் செத்துருவியா?" என்பதும் நிச்சயம் வரும். "மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "எல்லாரும் ஒரு நாள் சாவாங்க. நிறைய பேர் ரொம்ப வயசான அப்புறம்தான். நான் உன்கூட ரொம்ப நாள் இருப்பேன்னு நினைக்கிறேன். உன்னைப் பார்த்துக்க எப்பவும் ஆள் இருக்கும்" என்று சொல்லி, அந்த ஆட்களின் பெயரை வரிசையாகச் சொல்லுங்கள். என் மகள் அடுத்து கேட்டது, "அப்ப எனக்கு யாரு சடை போடுவா?" பிள்ளையின் உண்மையான கவலை பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. "சித்தி போடுவா" என்றேன். சரி என்று போய்விட்டாள்.

செத்துப்போகிற விளையாட்டும் வரும். பொம்மையைப் படுக்க வைத்து, துண்டைப் போர்த்தி, "இது செத்துடுச்சு, அழுங்க" என்பாள். என் மாமியாருக்கு இது அபசகுனம். எனக்கும் வயிறு கலங்கியது. ஆனால் அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பிள்ளை என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எனக்கு அப்படித்தான் முக்கியமானது தெரிந்தது.

ஊரிலிருந்து வந்து பத்தொன்பதாவது நாள். பொம்மையைப் பார்த்து, "நான் டூ விட்டேன்ல, அதான் நீ செத்துட்டே" என்றாள். அம்மா ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு இரண்டு நாள் முன்னால் வீடியோ காலில், ஏதோ பாட்டுப் பாடவில்லை என்று இவள் அப்பத்தாவோடு டூ விட்டிருக்கிறாள். பழம் விடுவதற்குள் ஆள் போய்விட்டார். அதுவரை வீட்டில் யாரோடும் டூ விடாமல், கோபம் வந்தால் வாயைக் கையால் பொத்திக்கொண்டதற்கு அர்த்தம் அன்றுதான் விளங்கியது. "நாம் நினைத்தது நடந்துவிடும், சொன்னது பலித்துவிடும்" என்று இந்த வயதில் உறுதியாக நம்புவார்களாம்.

பிள்ளை சொல்லாவிட்டாலும் இதை நீங்களாகவே ஒரு முறை சொல்லிவிடுங்கள்: "நீ சொன்னதாலயோ, நினைச்சதாலயோ, சேட்டை பண்ணதாலயோ அப்பத்தா சாகல. கிட்னி கெட்டுப்போனதாலதான்." நான் அதோடு இன்னொன்றும் செய்தேன். "என்கூட இப்ப டூ விடு" என்றேன். தயங்கித் தயங்கிச் சுண்டுவிரலை நீட்டி டூ விட்டாள். இரண்டு பேரும் போய்ச் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு அவளே வந்து பழம் விட்டாள்.

7. தாள்கள், செல்போன், செலவு

பள்ளிக்கு: விடுப்புக் கடிதத்தில் "சொந்த வேலை" என்று எழுதாதீர்கள். யார் இறந்தார், என்றைக்கு, பிள்ளையிடம் நீங்கள் சொன்ன வாக்கியம் எது என்று மூன்று வரி எழுதி வகுப்பு டீச்சரிடம் கொடுங்கள். எங்கள் பிள்ளை போன பள்ளியில் நாங்கள் திரும்பிய வாரமே "என் தாத்தா பாட்டி" என்று படம் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். டீச்சர் மீது குறையில்லை, நாங்கள் சொல்லவே இல்லை. வழக்கமான நேரத்தில் எழுந்து, குளித்து, பள்ளி வேனில் ஏறுவது பிள்ளைக்குத் தெம்பு தரும். பதினாறு வரை ஊரிலேயே வைத்திருந்தது எங்களுக்கு நல்லதாக அமையவில்லை. மனைவியும் பிள்ளையும் நாலைந்து நாளில் திரும்பி, காரியத்துக்கு மட்டும் மறுபடி வந்திருக்கலாம். கூடுதல் செலவு இரண்டு பேருக்கு ஒரு பயணம்தான்.

இறப்புச் சான்றிதழ்: 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்தால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு மாதத்துக்கு மேல் போனால் அனுமதிக்கு அலைச்சல். கிராமத்தில் வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் போகவேண்டும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், அந்த மூன்று வாரமும் பிள்ளைக்கு நீங்கள் பக்கத்தில் தேவை. அண்ணன் தம்பிகளுக்குள் பேசி, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒருவரிடம் தாள் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

செல்போன்: என் மகள் என் போனை எடுத்து அப்பத்தா எண்ணுக்கு அடிக்கடி அழைப்பாள். அடித்துக்கொண்டே இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணைச் சில மாதத்தில் கம்பெனி முடக்கிவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்படி ஒரு நாள் ஒரு ஆண் குரல் "ஹலோ யாரு?" என்று எடுத்தது. வாட்ஸ்அப்பில் அம்மா படம் இருந்த இடத்தில் புல்லட்டில் உட்கார்ந்த ஒரு பையன். அவளுக்கு அது பேரிடி, எனக்கும்தான். ஆகவே ஒன்று, குறைந்த பிளானில் கொஞ்சக் காலம் உயிரோடு வையுங்கள். அல்லது முதல் மாதத்திலேயே பிள்ளையிடம் சொல்லிவிட்டு எண்ணை எடுத்துவிடுங்கள். எதுவானாலும் அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் படங்களையும் முதல் வாரமே வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். அம்மா அனுப்பிய பதினோரு குரல் பதிவுகள் எங்களிடம் இருக்கின்றன. பிள்ளை கேட்டால் மட்டும் போடுகிறோம்.

படம்: மாலை போட்டு, பல்பு எரியும் பெரிய படத்துக்குப் பிள்ளை பயப்படலாம். சாதாரணமாகச் சிரிக்கும் படம் ஒன்றைக் கையடக்கமாக அச்சிட்டுப் பிள்ளையிடமே கொடுங்கள். ஸ்டூடியோவில் சின்னத் தொகைதான் ஆகும். எங்கள் படத்தில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார்.

8. எப்போது டாக்டரைப் பார்ப்பது

படுக்கையில் சிறுநீர் போவது, விரல் சூப்புவது, மழலை திரும்புவது, ஒட்டிக்கொண்டே இருப்பது எல்லாம் முதல் சில வாரங்களில் வரும். திட்டாமல் விட்டால் பெரும்பாலும் தானாகக் குறையும். குறையாமல் மாதக் கணக்கில் நீடித்தாலோ, சாப்பாடும் தூக்கமும் தொடர்ந்து கெட்டாலோ, விளையாட்டையே விட்டுவிட்டாலோ, பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ டாக்டரைப் பாருங்கள். "நானும் அப்பத்தாகிட்ட போறேன்" என்று பிள்ளை சொன்னால் பெரும்பாலும் பார்க்க ஆசை என்றுதான் பொருள். ஆனாலும் திரும்பத் திரும்பச் சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் பார்த்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

14416 என்பது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இது பிள்ளைக்கு மட்டுமல்ல, தூக்கமே வராமல், வேலைக்குப் போக முடியாமல் இருக்கும் உங்களுக்கும்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டுக்குக் காசு இல்லை. காலையிலேயே போய்விடுங்கள். போகும்போது எழுதிக்கொண்டு போகவேண்டியவை: இறந்த தேதி, பிள்ளையிடம் யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதியிலிருந்து என்ன மாற்றம், எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறது. பிள்ளை வரைந்த படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துப் போங்கள். நாங்கள் அந்தக் கதவுப் படத்தைக் கொண்டுபோனோம். டாக்டர் முதலில் கேட்டது, "இவங்க அப்பா எங்க அழுறார்?" என்றுதான்.

போன வாரம் அம்மாவின் குரல் பதிவு ஒன்றைப் போடச் சொன்னாள். "சாப்டியாடா கண்ணு" என்று ஆரம்பிக்கும். எனக்குக் கண் நிறைந்தது. திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்பத்தாவை நினைச்சுக்கிட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, முகம் கழுவிட்டு வா. தோசை மாவு எடுத்து வெளில வைக்கிறேன்."